வாளையாரில் சரி, கோவையில் குற்றம்: ஆன்லைன் சூதாட்டச் சட்டமும் ஆஃப்ஷோர் தளங்களும்

கோவையிலிருந்து பாலக்காடு போகிற சாலையில் வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் லாட்டரிக் கடைகள் வரிசையாக வந்துவிடும். கேரள அரசே அச்சடித்து விற்கிற சீட்டு. அதில் முதல் பரிசு விழுந்தால் அரசு வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். அதே சீட்டை ஒருவர் மொத்தமாக வாங்கி வந்து கோவை உக்கடத்தில் வைத்து விற்றால் போலீஸ் பிடிக்கும். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரி விற்பனைக்குத் தடை. நடுவில் இருப்பது ஒரு மாநில எல்லை மட்டும்தான்.

ஆன்லைன் சூதாட்டச் சட்டம் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தச் சீட்டைத்தான் முதலில் காட்ட வேண்டும். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 34ஆவது வரி, ‘பந்தயமும் சூதாட்டமும்’ என்கிறது. அதாவது அதைத் தடை செய்வதா, அனுமதித்து வரி வாங்குவதா என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு. கோவா 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் கேசினோ நடத்த இடம் கொடுத்தது. (ஆற்றில் நிற்பதற்கும் அங்கே ‘ஆஃப்ஷோர்’ என்றுதான் பெயர்.) சிக்கிம் 2008இல் ஆன்லைன் விளையாட்டுக்கே உரிமம் தரும் சட்டம் போட்டது. பிறகு அதை மாநில எல்லைக்குள் இருக்கும் மையங்களின் கணினிகளோடு நிறுத்திக்கொண்டது. தெலங்கானா 2017இல் ரம்மியையும் சேர்த்துத் தடை செய்தது.

இதற்குள் இன்னொரு கோடும் ஓடுகிறது. திறமையா, அதிர்ஷ்டமா? ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1968இல் சொன்னது. குதிரைப் பந்தயமும் அப்படித்தான் என்று 1996இல் சொன்னது. அந்த இரண்டாவது வழக்கு சென்னை கிண்டி ரேஸ் தொடர்பானது. திறமை விளையாட்டு என்றால் அது சூதாட்டம் அல்ல, ஆகவே 34ஆவது வரியை வைத்து மாநிலம் அதைத் தடுக்க முடியாது என்பது ரம்மி நிறுவனங்களின் வாதம். தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடைச் சட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தில் விழுந்தது இந்த வாதத்தில்தான். அதன் பிறகு நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கை, ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது என்று பல படி தாண்டி 2023 ஏப்ரலில் இன்னொரு சட்டம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் தடைப் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் எடுத்துவிட்டது. ஸ்லாட், ரூலெட் போன்ற அதிர்ஷ்ட ஆட்டங்களின் மீதான தடை அப்படியே நின்றது.

2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு இந்த விவாதத்தையே தாண்டிக் குதித்தது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற புதிய சட்டம், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கிற எந்த ஆன்லைன் ஆட்டத்தையும், அது திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். பணப் பரிமாற்றத்துக்கு உதவும் வங்கிக்கும் பேமென்ட் நிறுவனத்துக்கும் நடத்துபவருக்குரிய அதே தண்டனை. வெளிநாட்டில் இருந்து இந்தியர்களுக்கு நடத்தினாலும் இந்தச் சட்டம் பொருந்தும். மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயத்தில் நாடாளுமன்றம் எப்படி நுழைந்தது என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

விளையாடுபவருக்கு இதில் தண்டனை இல்லை என்பதைப் பலர் பாதியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்றியச் சட்டத்தில் இல்லை, உண்மைதான். தமிழ்நாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. தடை செய்யப்பட்ட ஆன்லைன் சூதாட்டத்தை விளையாடியவருக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் இருக்கிற தமிழருக்கு இதைவிடக் கடுமை. அங்கே அரசு அனுமதித்த நிறுவனத்தின் தளத்தில் பந்தயம் கட்டலாம். உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளத்தில் கட்டினால், 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டியவருக்கே 10,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. பிரிட்டனில் நிலைமை வேறு. 2014இலிருந்து, கம்பெனி எந்தத் தீவில் இருந்தாலும் பிரிட்டனில் இருப்பவருக்கு ஆட்டம் நடத்த பிரிட்டிஷ் உரிமம் வேண்டும். பொறுப்பு முழுவதும் நடத்துபவர் தலையில்.

சட்டத்தின் கண் முதலில் தேடுவது விளையாடுபவரின் விரல் எந்த மண்ணில் இருக்கிறது என்பதைத்தான். சர்வர் எங்கே இருக்கிறது என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி. ‘நாங்கள் உரிமம் பெற்ற நிறுவனம்’ என்று தளத்தின் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறுவது இதை மறப்பதால்தான். அந்த உரிமம் அந்தத் தளத்துக்கும் ஏதோ ஒரு தீவின் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு. திருப்பூரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எந்த அனுமதியையும் தருவதில்லை.

இந்திய ஆட்டக்காரர்களைக் குறிவைக்கும் ஆஃப்ஷோர் தளங்களில், அதாவது வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் தளங்களில், அடிக்கடி கண்ணில் படும் பெயர் குராசாவ். கரீபியன் கடலில், நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்ட தீவு. பல ஆண்டுகளாக அங்கே ஒருசில தனியார் நிறுவனங்களிடம் ‘மாஸ்டர் லைசென்ஸ்’ இருந்தது. அவை கிளை உரிமங்களை விற்றுக்கொண்டிருந்தன. யாருக்கு விற்றோம், அவர்கள் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்தார்களா என்று கேட்க அந்த அமைப்பில் பெரிதாக ஆள் இல்லை. 2024 டிசம்பர் 24 அன்று அமலுக்கு வந்த புதிய சட்டம் அதை மாற்றி, உரிமம் தரும் வேலையை அரசு அமைப்பிடமே கொடுத்தது. இன்றைக்கும் ஒரு தளத்தின் அடியில் `8048/JAZ` என்று பழைய மாஸ்டர் உரிம எண் போட்டிருந்தால், அது ஓடாத கடிகாரம். முத்திரைப் படத்தைத் தட்டிப் பாருங்கள். எங்கும் போகாமல் வெறும் படமாக நின்றாலோ, போகும் பக்கம் உரிம ஆணையத்தின் சொந்த முகவரியில் இல்லாமல் வேறெங்காவது இருந்தாலோ, அங்கே எழுதியிருக்கும் நிறுவனப் பெயரும் தள முகவரியும் நீங்கள் திறந்த தளத்தோடு பொருந்தாவிட்டாலோ, உரிமமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். முகவரி பொருந்தாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்றிய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் ஒரு முகவரியை முடக்கினால், மறுநாளே ஒரு எழுத்தோ எண்ணோ மாற்றி இன்னொரு முகவரி வரும். ‘மிரர் லிங்க்’ என்று டெலிகிராமில் அனுப்புவார்கள். பெரும்பாலும் அந்த மிரருக்கு உரிமம் இருக்காது. அது அசல் ஆட்களுடையதா, அவர்கள் முகத்தைப் போட்டுக்கொண்ட திருடனுடையதா என்று ஆட்டக்காரர் கண்டுபிடிக்க வழியும் இல்லை.

சரி, பணம் எப்படி உள்ளே போகிறது? அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2000இல் வந்த விதிகளின் முதல் அட்டவணை, லாட்டரிச் சீட்டு, கால்பந்துப் பந்தயம், ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பவே கூடாது என்கிறது. மீறினால் அனுப்பிய தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அதனால் கார்டு பெரும்பாலும் வேலை செய்யாது. தளங்கள் கண்டுபிடித்த மாற்று வழி உள்ளூர் யுபிஐ. டெபாசிட் பக்கத்தைத் திறந்தால் ஒரு கியூஆர் குறியீடு வரும். ஸ்கேன் செய்தால் பெறுபவர் பெயர் ஏதோ ஒரு மளிகைக் கடை, அல்லது ராஜஸ்தானிலோ வங்காளத்திலோ உள்ள ஒரு தனிநபர். ஓரத்தில் பத்து நிமிடக் கடிகாரம் ஓடும். பணம் அனுப்பிவிட்டு அந்தப் பரிமாற்றத்துக்கான 12 இலக்க யுடிஆர் எண்ணைக் கட்டத்தில் இட்டால், திரையில் பேலன்ஸ் ஏறும். நேற்றுச் சேமித்து வைத்த கியூஆருக்கு இன்று அனுப்பினால், ‘அந்த ஐடி மூடியாகிவிட்டது, பணம் வரவில்லை’ என்பார்கள். வங்கியிடம் கேட்டால், பணம் பெறுபவர் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று சொல்லும். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

அந்தக் கணக்குகள் வாடகைக் கணக்குகள். மாதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று யாரோ ஒருவருடைய பாஸ்புக்கும் சிம்மும் ஏடிஎம் கார்டும் வாங்கி ஓட்டுவது. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், கீழே பணம் வெளியே வரும்போது திரும்பவும் தேவைப்படும்.

அதற்கு முன் போனஸ். ‘முதல் டெபாசிட்டுக்கு 100 சதவீதம்’ என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 10,000 ரூபாய் கட்டுகிறார், தளம் 10,000 போனஸ் தருகிறது. விதிமுறையில் ‘டெபாசிட்டும் போனஸும் சேர்த்து 35 மடங்கு விளையாடிய பிறகே பணம் எடுக்கலாம்’ என்று இருக்கிறது. 20,000 பெருக்கல் 35, அதாவது 7 லட்சம் ரூபாய்க்குப் பந்தயம் கட்ட வேண்டும். ஸ்லாட் ஆட்டம் நூற்றுக்கு 96 திருப்பித் தருவதாக வைத்துக்கொள்வோம். அது நல்ல ஸ்லாட். 7 லட்சத்தில் 4 சதவீதம் சராசரி நஷ்டம், 28,000 ரூபாய். கையில் இருப்பதே 20,000தான். நிபந்தனை முடியும் முன்பே பணம் முடிந்துவிடும் என்பதுதான் சராசரிக் கணக்கு. சிலர் அதிர்ஷ்டத்தில் கரையேறுவார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அவர்களுக்காக இன்னொரு வரி வைத்திருப்பார்கள். போனஸ் இருக்கும்போது ஒரு சுற்றுக்கு 400 ரூபாய்க்கு மேல் கட்டினால் வென்றது முழுதும் ரத்து என்ற மாதிரி. 400 வீதம் கட்டினாலும் 1,750 சுற்று வேண்டும். அதில் ஒரே ஒரு சுற்றில் கை தவறி 500 ஆகியிருந்தால் போதும். பிளாக்ஜாக்கில் நஷ்டம் குறைவு, அதில் ஓட்டலாம் என்று பார்த்தால், அதில் கட்டுவதில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும் என்றிருக்கும். 7 லட்சம் அப்போது 70 லட்சம் ஆகிவிடும்.

இதையும் தாண்டி வென்றவரிடம்தான் கேஒய்சி கேட்பார்கள். கட்டும்போது போன் எண் மட்டும் போதும். எடுக்கும்போது ஆதார், பான், கையில் அட்டையைப் பிடித்தபடி செல்ஃபி, வங்கி ஸ்டேட்மென்ட், சில நேரம் வருமானச் சான்று. ஆதார் நகலை எந்த முகவரியும் இல்லாத நிறுவனத்திடம் கொடுப்பது தனி ஆபத்து. கொடுத்த பிறகு, ‘தடை செய்யப்பட்ட நாடுகள்’ பட்டியலில் இந்தியா இருப்பதையோ, விபிஎன் பயன்படுத்தியதையோ காட்டி மறுப்பார்கள். டெபாசிட்டை வாங்கிய நாளிலும் அந்தப் பட்டியலில் இந்தியா இருந்தது. அப்போது யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை.

வழக்குப் போடலாமா? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 30: பந்தய ஒப்பந்தம் செல்லாது, வென்றதைக் கேட்டு வழக்குத் தொடர முடியாது. குதிரைப் பந்தயப் பரிசுக்கு மட்டும் ஒரு சிறு விலக்கு. இங்கே கதவு மூடியாகிவிட்டது. அங்கே போவதென்றால் விதிமுறைப்படி குராசாவ் நீதிமன்றம் அல்லது ஏதோ ஒரு நடுவர் மன்றம். 40,000 ரூபாய்க்காக யார் போவார்கள்?

நல்ல உரிமம் உள்ள பெரிய தளம் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்கள் ஃபுல் டில்ட் போக்கர் என்ற தளம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஆல்டர்னி தீவின் உரிமம், உலகப் புகழ் பெற்ற போக்கர் ஆட்டக்காரர்களே உரிமையாளர்கள். அமெரிக்கா 2006இல் சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்கு வங்கிகள் வழியாகப் பணம் பெறுவதைத் தடை செய்த பிறகும் அமெரிக்கர்களிடம் தொடர்ந்து நடத்தியது. அங்கேதான் கோளாறு ஆரம்பித்தது. வங்கிகள் கதவை மூட மூட, ஆட்டக்காரரின் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துத் தர ஆள் கிடைக்கவில்லை. நிறுவனம் அதை வெளியே சொல்லாமல், வராத பணத்தை வந்ததாகத் திரையில் ஏற்றிக்கொடுத்தது. அந்த ‘பேய் டெபாசிட்’ சுமார் 13 கோடி டாலர் என்று அமெரிக்க அரசு பின்னர் நீதிமன்றத்தில் சொன்னது. ஒருவர் அந்தப் பேய்ப் பணத்தைத் தோற்றால், எதிரில் வென்றவருக்கு உண்மையான பணம் தர வேண்டும் அல்லவா? அதற்கிடையே உரிமையாளர்களுக்கு லாபப் பங்கும் போய்க்கொண்டே இருந்தது.

2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு தளத்தின் முகவரியைக் கைப்பற்றியது. அந்த மார்ச் முடிவில் நிறுவனம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது ஏறக்குறைய 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது 6 கோடி. ஆல்டர்னி ஆணையம் ஜூன் மாதம்தான் உரிமத்தை நிறுத்தி வைத்தது, செப்டம்பரில் ரத்து செய்தது. அதாவது உரிமம் கொடுத்தவர்களுக்கே வங்கி இருப்பும் திரை இருப்பும் பொருந்தவில்லை என்பது கடைசியில்தான் தெரிந்தது. போட்டி நிறுவனம் ஒன்று 2012இல் அமெரிக்க அரசோடு சமரசம் செய்து ஃபுல் டில்ட்டை வாங்கிப் பணம் கட்டியதால் ஆட்டக்காரர்களுக்கு வழி பிறந்தது. அப்படியும் அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு முதல் தவணை வந்தது 2014 பிப்ரவரியில். அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாகப் பார்த்துப் பணத்தை மீட்டுத் தர ஒரு பெரிய அரசு இறங்கியது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஸ்லாட் ஆடியவருக்கு இருக்கும் இடம் குற்றவாளிக் கூண்டு.

இப்போது வாடகைக் கணக்குக்கு வருவோம். பணம் தராத தளத்தைவிடத் தருகிற தளத்தில்தான் இன்றைக்கு வம்பு அதிகம் என்று சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். ஒருவர் 18,000 ரூபாய் எடுக்கக் கொடுக்கிறார், அரை மணியில் வந்துவிடுகிறது. அனுப்பியவர் பெயர் யாரோ. அந்த யாரோவின் கணக்குக்கு முந்தின நாள் வந்த பணம், வேறு மாநிலத்தில் ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டப்பட்ட ஒரு முதியவருடையது. சூதாட்டப் பணமும் மோசடிப் பணமும் ஒரே வாடகைக் கணக்குகளில்தான் சுழல்கின்றன. முதியவர் 1930க்கு அழைக்கிறார் அல்லது `cybercrime.gov.in` தளத்தில் புகார் பதிகிறார். பணம் போன தடத்தை முதல் கணக்கு, இரண்டாவது கணக்கு, மூன்றாவது கணக்கு என்று பின்தொடர்வார்கள். மூன்றாவது அல்லது நான்காவது இடத்தில் நம் ஆள். ஒரு திங்கட்கிழமை காலை பெட்ரோல் பங்க்கில் யுபிஐ போகாது. சம்பளக் கணக்கு முடங்கியிருக்கும்.

முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்க வேண்டியது மூன்று: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலம் எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி ‘லீன்’ போட்டிருக்கிறார்களா, கணக்கு முழுவதையும் முடக்கியிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். முழுவதும் முடக்கியிருந்தால், சர்ச்சைத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்து மீதியை விடுவிக்கச் சொல்லி வங்கிக்கும் விசாரணை அதிகாரிக்கும் ஒரே நேரத்தில் எழுதுவது பயன்படும். கிளை மேலாளர் தானாக எடுத்துவிட முடியாது, அவரிடம் சண்டை போட்டுப் பலனில்லை. அதிகாரி பதில் தராவிட்டால், கைப்பற்றிய சொத்தை விடுவிக்கக் கோரி குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு. அது புகார் பதிவான ஊரில். ஜெய்ப்பூர் என்றால் ஜெய்ப்பூர் வக்கீல். 18,000 ரூபாய்க்கு அந்தச் செலவு கட்டுமா என்று பார்த்துவிட்டு, அந்தத் தொகையை விட்டுக்கொடுத்து மற்றதை மீட்டுக்கொள்பவர்களும் உண்டு.

இதற்குள் ‘கணக்கை எடுத்துத் தருகிறோம், 5,000 கட்டுங்கள்’ என்று டெலிகிராமில் ஒருவர் வருவார். ஏமாந்தவர்களின் எண்களை விற்கும் சந்தையிலிருந்து வருகிற ஆள் அவர். யுஎஸ்டிடியில் எடுத்தால் முடங்காது என்று வேறொருவர் சொல்வார். அந்தக் கிரிப்டோவை ரூபாயாக மாற்றும்போது பணம் வருவதும் முன்பின் தெரியாத ஒருவர் கணக்கிலிருந்துதான். வருமான வரித் துறைக்கும் இதில் பங்கு உண்டு. ஆட்டம் சட்டவிரோதம் என்பது வரி விலக்கு அல்ல. நிகர வெற்றிக்கு 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும். உள்நாட்டுத் தளங்கள் பிடித்துக்கொண்டு கொடுத்தன, ஆஃப்ஷோர் தளம் பிடிக்காது, நீங்களே கணக்கில் காட்ட வேண்டும். ஒரு வருட நஷ்டத்தை அடுத்த வருட வெற்றியில் கழிக்கவும் முடியாது.

முடங்கிய கணக்குக்காக எழுதும் கடிதத்தில் எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். விசாரணை அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, ‘இந்த 18,000 உங்களுக்கு எதற்காக வந்தது?’ நண்பர் கடன் திருப்பினார் என்று எழுதினால், அனுப்பியவர் போன் எண்கூட உங்களிடம் இருக்காது. அடுத்த கேள்வியிலேயே அது உடைந்து, நீங்கள் சாட்சியிலிருந்து சந்தேக நபராக மாறுவீர்கள். ஆன்லைன் கேசினோவில் வென்றது என்று உண்மையை எழுதினால், தமிழ்நாட்டுச் சட்டப்படி மூன்று மாதத் தண்டனைக்குரிய செயலை உங்கள் கையெழுத்திலேயே ஒப்புக்கொண்டதாகிறது. அதனால் அந்தக் கடிதத்தை வக்கீல் ஒருவர் பார்க்காமல் அனுப்பக் கூடாது. தளத்தின் டெபாசிட், வித்ட்ரா வரலாற்றுப் பக்கங்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, யுடிஆர் எண்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பயந்துபோய்க் கணக்கை அழித்துவிட்டால், அந்தப் பணம் மோசடியில் உங்கள் பங்கு அல்ல என்று காட்ட மிச்சமிருக்கும் ஒரே காகிதமும் போய்விடும்.